டிராகோனிக் பொருத்தத்தில் "ஆன்மத் தொடர்பு" எங்கே இருக்கிறது?

காதலர்கள், தம்பதிகள் இருவரின் டிராகோனிக் ஜாதகங்களை ஒப்பிட்டு "இது ஆன்ம அளவிலான உறவு" என்று பலன் சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால், இந்தப் பலனுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது உங்களுக்கே புரியும்.

கணக்கு எளிது. ஒருவர் பிறந்தபோது ராகு நின்ற பாகையை மேஷம் 0° என்று வைத்துக்கொள்கிறார்கள். எல்லாக் கிரகங்களிலிருந்தும் ராகுவின் பாகையைக் கழிக்கிறார்கள். விடை எதிர்மறையாக வந்தால் 360 கூட்டுகிறார்கள். அவ்வளவுதான் டிராகோனிக் ஜாதகம். மேஷத்தை எங்கே தொடங்குவது என்பதில் வரும் சாயனமா நிராயனமா என்ற சண்டைக்கே இதில் இடமில்லை. அந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சம் கிரகத்திலும் ராகுவிலும் ஒன்றே என்பதால், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. கிரகங்களுக்கு இடையிலான தூரமும் பார்வைகளும் மாறாது. மாறுவது ராசி மட்டுமே.

பிரிட்டன் அரச குடும்பத்தின் சார்ல்ஸ், டயானா ஜாதகங்களை எடுத்துக்கொள்வோம். சார்ல்ஸ் 1948 நவம்பர் 14இல் பிறந்தவர். சாயனக் கணக்கில் அவர் சந்திரன் ரிஷபம் 0°26', அதாவது 30°26'. ராகு ரிஷபம் 4°57', அதாவது 34°57'. கழித்து 360 கூட்டினால் 355°29', மீனத்தில் 25°29'. டயானா பிறந்தது 1961 ஜூலை 1. அவர் சந்திரன் கும்பம் 25°02', ராகு சிம்மம் 28°10'. கழித்தால் 176°52', கன்னியில் 26°52'. இரண்டு சந்திரனும் நேருக்கு நேர், ஒன்றரைப் பாகைக்குள். இந்த வழியில் பலன் சொல்பவர் யாரும் இதைக் கண்டால் விடமாட்டார். "இரு ஆன்மாக்களும் ஒன்றையொன்று முழுமையாக அறிந்தவை" என்று எழுதிவிடுவார்.

சாதாரண சாயன ஜாதகங்களில் இந்த இரு சந்திரன்களுக்கும் இடையே 65°24'. இருவரின் ராகுக்களுக்கு இடையே 113°13'. இரண்டையும் கூட்டுங்கள், 178°37'. மேலே கண்ட "ஆன்ம" எதிர்நிலை இதுதான். இருவருக்கும் இடையிலான எல்லாக் கிரக தூரங்களிலும் இதே 113°13' தான் நகர்கிறது. ஆக, டிராகோனிக்கை டிராகோனிக்கோடு ஒப்பிடும்போது புதிதாக உள்ளே வருவது ராகுக்களின் இடைவெளி என்ற ஒரே ஓர் எண். ராகு ஆண்டுக்குச் சுமார் 19 பாகை பின்னோக்கி நகர்கிறது, மாதத்துக்கு ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். எனவே அந்த எண் முக்கியமாகச் சொல்வது இருவரின் வயது வித்தியாசத்தை. ஒரே வாரத்தில் பிறந்த இருவருக்கு இடைவெளி ஏறக்குறைய பூஜ்யம். அவர்களுக்கு டிராகோனிக் ஒப்பீடும் சாதாரண ஒப்பீடும் ஒன்றாகவே வரும். 18.6 ஆண்டு வித்தியாசம் உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆழமான தனித் தளம் ஒன்றை இது காட்டுகிறது என்றால், இவர்களுக்கு மட்டும் அந்தத் தளம் எங்கே போகிறது?

அடுத்தது, மென்பொருளில் பலர் கவனிக்காத Mean Node, True Node என்ற தேர்வு. ஒன்று சராசரி ராகு, மற்றது ஊசலாட்டத்தையும் சேர்த்த ராகு. இரண்டுக்கும் ஒன்றரைப் பாகைக்கு மேலும் வேறுபாடு வரலாம். மேலே நான் எடுத்தது True Node. சராசரி ராகுவை எடுத்தால் டயானாவுக்கு சிம்மம் 29°43', சார்ல்ஸுக்கு ரிஷபம் 3°57'. ராகு இடைவெளி 115°46' ஆகிவிடுகிறது. சந்திரன்களின் தூரம் 178°37' என்பதிலிருந்து 181°10' ஆகத் தாண்டுகிறது. 2°33' மாற்றம்! இந்த எதிர்நிலை இருபுறமும் தப்பிப் பிழைத்தது தற்செயல். இரண்டு பாகைக்குள் பார்க்கும் முறையில், ஓரத்தில் இருக்கும் சேர்க்கைகள் இந்த ஒரு மாற்றத்தில் மறைந்துவிடும், வேறு சில முளைக்கும். ஆன்மா மென்பொருள் அமைப்புக்கு ஏற்ப மாறுவதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தற்செயலின் அளவு. ஆளுக்குப் பத்து கிரகம் என்றால் 100 ஜோடி. என் டிராகோனிக்கை உங்கள் சாதாரண ஜாதகத்தோடும், உங்களுடையதை என்னுடையதோடும் வைத்துப் பார்ப்பதும் வழக்கம், ஆக மொத்தம் 300 ஜோடி. இரண்டு பாகைக்குள் சேர்க்கையோ எதிர்நிலையோ தற்செயலாக அமைய 45இல் ஒரு வாய்ப்பு. பேருந்தில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாதவரோடும் சராசரியாக ஆறேழு "ஆன்மத் தொடர்பு" கிடைக்கும்.

சார்ல்ஸும் டயானாவும் 1981இல் மணந்து 1996இல் சட்டப்படி பிரிந்தார்கள். இதைச் சொன்னால், "ஆன்மத் தொடர்பு என்றால் சேர்ந்து வாழ்வது என்று பொருள் இல்லை, அது கர்மப் பாடம்" என்று பதில் வரும். சேர்ந்தாலும் சரி, பிரிந்தாலும் சரி என்றால் அந்தப் பலன் எதையுமே சொல்லவில்லை. துன்புறுத்தும் துணையைவிட்டு விலக நினைப்பவரிடம் இந்த வாக்கியத்தைச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அங்கேயே இருந்துவிட அது ஒரு காரணமாகிவிடுகிறது.

அப்படியும் பார்க்க விரும்பினால், இருவருக்கும் ஒரே வகை ராகுவை எடுங்கள். பிறந்த நேரம் சரியாகத் தெரியாவிட்டால் லக்னத்தையும் சந்திரனையும் விட்டுவிடுங்கள், சந்திரன் மணிக்கு அரைப் பாகை ஓடும். எத்தனை பாகை வரை ஏற்பது என்பதை, ஜாதகங்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். பிறகு துணையின் பிறந்த தேதிக்குப் பதிலாக, அதே ஆண்டில் பிறந்த இருபது பேரின் தேதிகளைப் போட்டு ஒவ்வொருவருக்கும் எத்தனை தொடர்பு வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.