மணம் தெரிந்தால் கொரோனா இல்லையா?

"மணம் நல்லாத் தெரியுது, டெஸ்டிலயும் ஒரு கோடுதான், அப்ப இது வெறும் தடிமன்."

இம்முடிவு தவறானது. ஒமிக்ரோன் வகைகள் பரவியதிலிருந்து மண இழப்பு முன்னரை விடக் குறைந்துவிட்டது. தடிமன் தும்மலோடு மெல்லத் தொடங்கும்; இன்புளுவென்சாவோ, தொடங்கிய நேரத்தையே நோயாளி சொல்லுமளவுக்குக் காய்ச்சலும் உடல்வலியுமாகத் திடீரெனத் தாக்கும். கொரோனா இவ்விரண்டைப் போலவும் வரக்கூடும் என்பதால் அறிகுறி மட்டும் போதாது.

கல்முனையில் நீரிழிவுள்ள அறுபது வயதுத் தாயொருவருக்குத் திங்கள் மாலை காய்ச்சல் தொடங்குகிறது எனக் கொள்வோம். செவ்வாய் காலை செய்த அன்டிஜென் சோதனையில் ஒரு கோடு மட்டும் தெரிவது, மூக்கில் வைரஸின் அளவு இன்னும் போதாததாலும் இருக்கலாம். 48 மணித்தியாலம் கழித்து வியாழன் மீண்டும் செய்தால் இரண்டாவது கோடு, மங்கலாகவேனும், தோன்றக்கூடும். மேலும், கொரோனாவுக்கு மட்டுமான அட்டை இன்புளுவென்சாவைக் காட்டாது.

ஆயினும், இவரைப் போன்றவர்கள் வியாழன் வரை காத்திராமல் செவ்வாயே வைத்தியரைக் காண வேண்டும். இன்புளுவென்சாவுக்கான ஒசெல்டாமிவிர், முதல் 48 மணித்தியாலத்துள் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். அது கொரோனாவுக்கு உதவாது. கொரோனாவுக்குரிய நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் வேறு மருந்து, ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டியது, பல மாத்திரைகளோடு ஒத்துப்போகாதது. தடிமனுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தே இல்லை. பார்மசியில் கேட்டு வாங்கும் அமொக்சிசிலின் இம்மூன்றில் எந்த வைரஸையும் கொல்லாது.