கையெழுத்து வாங்கிவிட்டால் அது சம்மதம் ஆகிவிடாது

வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டுக்குள் ஒரு பக்கம் இருக்கும். "வருகைப்பதிவுக்காக எனது கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்ய முழு மனதுடன் சம்மதிக்கிறேன்" என்று அதில் அச்சடித்திருப்பார்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று மட்டும் எழுதியிருக்காது. வேலை போய்விடும் என்ற பயத்தில் போடுகிற கையெழுத்தை சம்மதம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நிறுவனத்துக்கு அது ஒரு காகிதப் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு மர அறுவை ஆலையில் கைரேகைக் கருவி வைத்தார்கள். ஒரு தொழிலாளி விரல் வைக்க மறுத்தார். என் ரேகை எங்கே போகிறது, யார் கையில் இருக்கும் என்பதற்கு யாரும் உறுதி தரமுடியாது என்பதுதான் அவர் வாதம். வேலைக்கு வராமல் இருக்கவில்லை, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். எச்சரிக்கைகள் கொடுத்தார்கள், 2018 பிப்ரவரியில் வேலையை விட்டு நீக்கினார்கள். முதல் விசாரணையில் அவர் தோற்றார். மேல்முறையீட்டில், அந்நாட்டின் தொழிலாளர் தீர்ப்பாயமான ஃபேர் வொர்க் கமிஷனின் முழு அமர்வு, 2019 மே மாதம், அந்த வேலைநீக்கம் நியாயமற்றது என்றது.

அங்குள்ள தனியுரிமைச் சட்டம் ஊழியர் ஆவணங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு ஏற்கெனவே கையில் இருக்கும் ஆவணத்துக்குத்தான், இனிமேல் எடுக்கப்போகும் ரேகைக்கு இல்லை என்று அமர்வு பிரித்துப் பார்த்தது. நிறுவனத்திடம் தனியுரிமைக் கொள்கையே இல்லை, முறையான அறிவிப்பும் தரவில்லை. இதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொன்னார்கள்: நீக்கிவிடுவோம் என்று மிரட்டிய பிறகு அவர் ஒப்புக்கொண்டிருந்தாலும், அது உண்மையான சம்மதமாக இருந்திருக்காது.

"நாங்கள் ரேகைப் படத்தை வைப்பதில்லை, வெறும் எண்களைத்தான் வைக்கிறோம்" என்று கருவி விற்பவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்தக் கோணத்தில் போகிறது என்ற புள்ளிகளைக் கருவி குறித்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் டெம்ப்ளேட். இந்தப் புள்ளிகளிலிருந்து, வேறு கருவியை ஏமாற்றக்கூடிய அளவுக்கு ரேகைப் படத்தைத் திரும்ப வரையமுடியும் என்று 2007லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எப்படி மாற்றுவது? முகக் கருவிகளில் பலவும் டெம்ப்ளேட்டோடு நிற்பதில்லை, பதிவு செய்யும்போது எடுத்த புகைப்படத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்கின்றன.

அதிகம் கோட்டை விடுவது வேலையை விட்டுப் போகும்போது. ஹெச்.ஆர். மென்பொருளில் உங்கள் பெயரை 'பணியில் இல்லை' என்று மாற்றிவிடுவார்கள். ஆனால் டெம்ப்ளேட் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நான்கு வாசலில் நான்கு கருவி இருந்தால், எந்த வாசலிலும் விரல் வைக்க வசதியாக நான்கிலும் நகல் இருக்கும். சர்வரில் ஒன்று, அதன் பேக்கப்பில் ஒன்று. அழிக்கும் கட்டளை போகிற நேரத்தில் ஒரு கருவி நெட்வொர்க்கில் இல்லையென்றால் அந்த நகல் அப்படியே தங்கிவிடலாம். பழுதான கருவி சர்வீசுக்குப் போனால் உள்ளே இருக்கும் ரேகைகளும் கூடவே போகும்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. டெம்ப்ளேட்டை ஊழியரின் அட்டைக்குள்ளேயே வைத்து, அட்டையையும் விரலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை உண்டு. மொத்த ரேகைகளும் ஒரே இடத்தில் குவிய வேண்டியதில்லை, வேலையை விடும்போது அட்டையை அழித்தால் முடிந்தது. பல இடங்களுக்கு வெறும் அட்டையே போதும். 2024 பிப்ரவரியில் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டனின் தகவல் ஆணையர், ஒரு நிறுவனம் 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் ரேகையையும் வருகைப்பதிவுக்கு எடுத்ததை நிறுத்தச் சொன்னார். அட்டை போன்ற மாற்று வழியை அந்த நிறுவனம் தானாக முன்வந்து காட்டவில்லை என்பது முக்கியமான குறை.

ஆகவே விரல் வைப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: மறுப்பவருக்கு என்ன மாற்று வழி? டெம்ப்ளேட் எங்கெங்கே இருக்கும்? மென்பொருள் விற்ற நிறுவனத்தின் ஆட்கள் அதைப் பார்க்கமுடியுமா? நான் போன பிறகு எத்தனை நாளில் அழிப்பீர்கள்? தனியாகக் கேட்டால் தொல்லை பிடித்தவர் என்பார்கள், நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

கடைசி நாளில் அழித்துவிட்டோம் என்று சொன்னால், ஒவ்வொரு வாசல் கருவியிலும் ஒருமுறை விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் உங்கள் பெயர் வந்தால் அந்தக் கருவியில் நகல் இன்னும் இருக்கிறது. சர்வரிலும் பேக்கப்பிலும் இருப்பதை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு அழித்த தேதியோடு எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.