குளிரைத் தின்ற பையனும் கைதட்டிய நண்பர்களும்

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரசீகச் சிறுகதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பகிர்ந்தார்கள், பெயர்ச்சொல்லும் வினையும் சேர்ந்த பாரசீகத் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள் என்று நான் நான்கு வரிக் கருத்து போட்டேன், அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'அகராதி போலீஸ்'. சரி, போலீஸ் என்றே வைத்துக்கொள்வோம். எஃப்.ஐ.ஆரை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அந்தக் கதையின் வரியை இங்கே இழுக்கவில்லை. அதே வாகில் நானே ஒரு வரி கட்டுகிறேன்: 'பெசரெ ஹம்சாயே கூல் கொர்த், பூலஷ் ரா அஸ் தஸ்த் தாத், கொஸ்ஸே கொர்த், ஓ சர்மா ஹம் கொர்த்.' கொர்தன் என்றால் தின்பது, தாதன் என்றால் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமைப் பாணியில் இது என்ன ஆகும் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பையன் வஞ்சகத்தைத் தின்றான், பணத்தைக் கையிலிருந்து கொடுத்தான், துயரத்தைத் தின்றான், கடைசியில் குளிரையும் தின்றான். இப்படித்தான் அந்தக் கதையிலும் ஆங்கிலத்தில் 'ஏட்', 'ஏட்' என்று வரிசையாக அடுக்கியதற்கு 'என்ன மண்வாசனை!' என்று அத்தனை இதயங்கள்.

தெஹ்ரானில் ஒரு அம்மா மகனிடம் 'சர்மா மீகொரீ' என்று சொன்னால் அதில் எந்த மண்ணும் மணக்காது. சளி பிடிக்கும்டா, ஸ்வெட்டரைப் போடு என்கிறாள், அவ்வளவுதான். தின்பது பற்றிய நினைப்பே அவளுக்குக் கிடையாது. நம்மூரில் பெயிண்ட் அடிக்கிறோம், தண்ணி அடிக்கிறோம், சைட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம். இதையெல்லாம் யாராவது ஆங்கிலத்தில் 'பீட்' என்று போட்டால் சிரிப்போமா, மண்வாசனை என்று உருகுவோமா?

விஷயம் இதுதான். பாரசீகத்தில் ஒற்றைச் சொல்லாக நிற்கும் வினைகள் குறைவு. மற்ற வேலையெல்லாம் ஒரு பெயர்ச்சொல்லோடு கர்தன், ஸதன், கொர்தன், தாதன், கெரெஃப்தன், கெஷீதன் போன்ற துணைவினை ஒன்றைச் சேர்த்துத்தான் நடக்கிறது. பொருள் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. துணைவினை சொல்வது வேறு: யார் செய்தது, யார் மேல் விழுந்தது, சட்டென்று முடிந்ததா, இழுத்துக்கொண்டு போனதா. ஆங்கிலத்துக்குப் போகும்போது பெயர்ச்சொல்லைப் பார்த்து வினையைத் தேட வேண்டும். துணைவினையைப் பார்த்துத் தேடினால் குளிரைத் தின்ன வேண்டியதுதான்.

ஸதன், கொர்தன் ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸதன் என்றால் அடிப்பது. கூல் ஸதன் என்றால் ஏமாற்றுவது, கூல் கொர்தன் என்றால் ஏமாறுவது. கொதக் ஸதன் என்றால் அடிப்பது, கொதக் கொர்தன் என்றால் அடி வாங்குவது. கால்பந்திலும் இதே கணக்குதான்: கோல் போட்டவன் ஸதன், கோல் வாங்கியவன் கொர்தன். ஆக, கொர்தன் வந்தால் எழுவாய் பெரும்பாலும் வாங்கிக்கட்டிக்கொள்ளும் பக்கம். இதுவரை பலருக்குத் தெரியும். சறுக்குவது அடுத்த படியில்தான்.

வாங்கிக்கட்டிக்கொள்ளும் பக்கம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலச் செயப்பாட்டுவினை போடுகிறார்கள். ஷெகஸ்த் கொர்தன் என்றால் உடனே 'வாஸ் டிஃபீட்டட்'. இலக்கணப்படி தப்பில்லை, செய்தித்தாள் தலைப்பில் நிற்கும். ஆனால் ஒரு பையன் மேட்ச் பார்த்துவிட்டு வந்து 'அஸ் ஆல்மான் ஷெகஸ்த் கொர்தீம்' என்றால், அவன் சொல்வது 'வீ லாஸ்ட் டு ஜெர்மனி'. 'அஸ்' என்றால் 'இருந்து'. ஆனால் இங்கே ஆங்கிலத்தில் வருவது 'ஃப்ரம்' இல்லை, 'டு'. கோல் வாங்கினால் 'கன்சீட்'. ஸமீன் கொர்தன், சொல்லுக்குச் சொல் தரையைத் தின்பது, வெறும் 'ஃபால்'. தகான் கொர்தன் என்றால் அசைவது. 'தகான் நகொர்!' என்று ஒருவன் துப்பாக்கியை நீட்டினால் 'டோன்ட் மூவ்!', அதற்குமேல் இலக்கியம் வேண்டாம். இந்த நான்கிலும் ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையே இல்லை, கவனியுங்கள். பட்டவன் யார் என்ற சேதியை ஆங்கில வினையே தன் வயிற்றில் வைத்திருக்கிறது. அப்படி ஒரு வினை கிடைக்காதபோதுதான் 'வாஸ்' அல்லது 'காட்' பக்கம் போக வேண்டும்.

இப்போது நம் பையனிடம் வருவோம். கூல் கொர்த்: 'வாஸ் ஃபூல்ட்' போடலாம், 'வாஸ் டேக்கன் இன்' இன்னும் இயல்பு. ஆனால் எதில் ஏமாந்தான் என்று மூலம் சொன்னால் வினையே மாறும். 'கூலெ ஹர்ஃபாஷ் ரா கொர்த்', அதாவது அவன் பேச்சில் மயங்கினான் என்று வந்தால் 'ஃபெல் ஃபார்'. அஸ் தஸ்த் தாத் என்பது 'லாஸ்ட்' மட்டுமே. இதில் 'கிவ்' எட்டிப் பார்த்தால் பையன் தானம் செய்துவிட்டான் என்று பொருள் கவிழ்ந்துவிடும். இது நடையின் ருசி பற்றிய பேச்சே இல்லை, கதையே தப்பாகிவிடும். கொஸ்ஸே கொர்த்: யாராவது செத்திருந்தால் 'க்ரீவ்', பணம் போன விஷயம் என்றால் 'ஃப்ரெட்'. பாரசீகத்தில் ஒரே வினைதான், ஆங்கிலத்தில் துயரத்தின் அளவைப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். கடைசியில் சர்மா ஹம் கொர்த்: 'ஹம்' என்ற 'உம்' பெயர்ச்சொல்லுக்கும் துணைவினைக்கும் நடுவில் புகுந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு 'பாருங்கள், பிரிகிறது, அப்படியென்றால் இரண்டு தனிச் சொற்கள்தானே' என்று ஒரு நண்பர் வாதாடினார். பிரிந்தாலும் பொருளில் ஒன்றுதான். அந்த 'உம்' குளிரோடு ஒட்டவில்லை, நடந்த மொத்தத் துன்பத்தோடும் ஒட்டுகிறது. எனவே என் வரி: 'தி நெய்பர்ஸ் பாய் வாஸ் டேக்கன் இன், லாஸ்ட் ஹிஸ் மனி, ஃப்ரெட்டட் ஓவர் இட், அண்ட் காட் எ கோல்ட் ஆன் டாப் ஆஃப் இட் ஆல்.'

சப்பென்று இருக்கிறதா? மூலமும் சப்பென்றுதான் இருக்கிறது ஐயா! அதுதான் நான் தொண்டை கிழியச் சொல்வது.

அப்படியானால் ஆங்கிலத்தில் எப்போதும் ஒற்றை வினைதானா என்று கேட்பீர்கள். இல்லை. பெயர்ச்சொல் மொட்டையாக நின்றால் ஒற்றை வினை. அதற்கு அடைமொழியோ எண்ணிக்கையோ ஒட்டினால் ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லாக விடுவதுதான் பல சமயம் நன்றாக இருக்கும். 'தஸ்மீம் கெரெஃப்த்' என்றால் 'டிசைடட்'. 'தஸ்மீமெ சக்தீ கெரெஃப்த்', கடினமான முடிவு எடுத்தான் என்றால் 'மேட் எ டிஃபிகல்ட் டிசிஷன்'. கொதக் கொர்த் என்றால் 'வாஸ் பீட்டன்', அதற்கு நடுவில் 'மொஃபஸ்ஸலீ' என்று 'சரியான, விலாவாரியான' என்னும் பொருளில் ஒரு சொல் வந்தால் 'காட் எ குட் பீட்டிங்'. அந்த அடைமொழியைப் பிய்த்து ஆங்கில வினைக்கு வினையடையாக ஒட்டவைக்கும்போதுதான் வாக்கியம் நொண்டுகிறது.

போன மாதம் வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: 'சர்மா கொர்தெ அம்' என்பதற்கு 'ஐ ஹேவ் காட் எ கோல்ட்' சரியா, 'ஐ ஹேவ் எ கோல்ட்' சரியா என்று. நல்ல கேள்வி. வடிவம் முடிந்த செயல், பொருள் இப்போதைய நிலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னால் 'ஐ ஹேவ் எ கோல்ட்' தான் இயல்பு. இதே வம்பு 'ஐனக் ஸதே' என்பதிலும் உண்டு. ஐனக் என்றால் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியை அடித்திருக்கிறான் என்று ஒரு மாணவர் எழுத, கதையில் யாரோ எதையோ உடைத்துவிட்டதாக வகுப்பே நம்பிவிட்டது. அவர் கண்ணாடி போட்டிருக்கிறார், 'இஸ் வேரிங் கிளாஸஸ்', அவ்வளவுதான். அந்த மாணவர் சண்டைக்கு வரவில்லை, சிரித்துவிட்டுத் திருத்தினார். பெரியவர்களுக்குத்தான் இந்த வியாதி.

ஸதன் வந்தாலே எழுவாய் செய்பவன்தான் என்று யாரும் சட்டம் போடவும் வேண்டாம். யக் ஸதன் என்றால் உறைந்துபோவது, யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஸங் ஸதன் என்றால் போன் செய்வது. எழுவாய் இரும்பாக இருந்தால் அதே ஸங் ஸதன் துருப்பிடிப்பது, 'ரஸ்ட்'. எழுத்தில் வித்தியாசமே தெரியாது. எழுவாயைப் பார்க்காமல் போனால் சைக்கிள் யாருக்கோ போன் போட்டுவிடும். தஸ்த் ஸதன், கை அடிப்பது, தனியாக நின்றால் கைதட்டுவது. முன்னால் 'பெ' என்ற இடைச்சொல் வந்தால் தொடுவது. 'பெ கேக் தஸ்த் நஸன்' என்றால் கேக்கைத் தொடாதே. கேக்குக்குக் கைதட்டாதே இல்லை.

'அகராதியில் தின்பது என்றுதானே போட்டிருக்கிறது?' என்பவர்களுக்கு: நீங்கள் ஸ்கிரீன்ஷாட் போட்டது ஸ்டைன்காஸின் பாரசீக-ஆங்கில அகராதி. 1892இல் வந்தது, பழைய இலக்கியம் படிக்க அருமையானது. அதை வைத்துக்கொண்டு இன்றைய தெஹ்ரான் பேச்சை மொழிபெயர்த்தால் வேறென்ன வரும்? பெயர்ச்சொல்லின் கீழே போய்ச் சேர்க்கைகளைப் பாருங்கள். கொர்தனின் கீழே தேடாதீர்கள்.

'நீ என்ன ஈரானியனா?' இதற்குப் பதில் இல்லை. நீங்களும் இல்லை.

'கவிதையில் என்ன செய்வாய்?' இது ஒன்றுதான் நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். கூன் கொர்தன், ரத்தம் குடிப்பது, மனம் வெந்து துன்பப்படுவதைச் சொல்லும். பக்கத்திலேயே மதுவும் கிண்ணமும் வந்தால் கவிஞர் அந்தப் படிமத்தை உயிரோடுதான் வைத்திருக்கிறார், அங்கே ரத்தத்தை விட்டுவிடாதீர்கள். அடையாளம் இதுதான்: அக்கம்பக்கத்துச் சொற்கள் அந்த உருவகத்தைத் தொட்டுப் பேசுகின்றனவா? ஞாயிற்றுக்கிழமைக் கதையில் பேசவில்லை. அது ஒரு பையனுக்குச் சளி பிடித்த கதை.

எனக்கு வருத்தம் எங்கே என்றால், உட்கார்ந்து யோசித்து 'ஃபெல் ஃபார்' என்று போடுபவனுக்கு ஒரு லைக் கிடையாது. வாசகன் தடுக்கி விழாமல் படித்துவிட்டுப் போய்விடுவான். 'வஞ்சகத்தைத் தின்றான்' என்று எழுதுபவர் மொழியின் ஆன்மாவைத் தொட்டவர். பதிப்பகத்திலும் 'இன்னும் கொஞ்சம் பாரசீக வாடை ஏத்துங்களேன்' என்றுதான் கேட்கிறார்கள். வாடை! ஒரு தேசமே விசித்திரமாகப் பேசுவதாகக் காட்டிவிட்டு அதற்குப் பெயர் மரியாதையாம்.

இன்பாக்ஸில் 'ஹெர்ஸ் நகொர்' என்று அனுப்பிய நண்பருக்கு நன்றி. ஹெர்ஸ் என்றால் பேராசை, ஆனால் நீங்கள் சொன்னது டென்ஷன் ஆகாதே என்று எனக்குப் புரிந்தது. தயவுசெய்து அதை ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உங்கள் குழுவில் யாராவது 'டோன்ட் ஈட் க்ரீட்' என்று ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள்.