சராசரி 8 சதவீதம் முதல் தொகையைக் காப்பாற்றாது

“வருஷத்துக்குச் சராசரியா 8% வருது, 6% தான் எடுக்கிறேன். முதல் குறையவே குறையாது. ஆன்யூட்டி எதுக்கு?”

ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆன்யூட்டி என்பது ஒரு தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்க மாதத் தொகை வாங்குவது. அது வேண்டாம் என்பதற்குச் சராசரியைக் காரணமாகச் சொல்வதுதான் இதில் தப்பு. பணம் எடுக்காதவருக்கு நஷ்ட வருஷம் எப்போது வந்தாலும் ஒன்றுதான். மாதாமாதம் எடுப்பவருக்கு அப்படியில்லை.

60 வயதில் 100 பங்கு சேமிப்பு, ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் 6 பங்கு எடுக்கிறீர்கள். முதல் வருஷம் 20% விழுந்தால் மிச்சம் 75.2. அடுத்த வருஷமும் 6 எடுத்து, 10% விழுந்தால் 62.28. இப்போது அதே 6 என்பது கையிருப்பில் கிட்டத்தட்ட 10%. அப்புறம் ஒரு வருஷம்கூடத் தவறாமல் 8% வந்தாலும் 81 வயதில் கணக்கு காலி. இத்தனைக்கும் விலைவாசிக்காக ஒரு பைசா கூட்டி எடுக்கவில்லை!

ஆன்யூட்டி தருவது வட்டி மட்டும் இல்லை. உங்கள் முதலின் ஒரு பகுதியும், சீக்கிரம் காலமானவர்கள் விட்டுச்சென்றதும் அதில் சேர்ந்து வருகிறது. இறந்தபின் முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும் வகை ஆன்யூட்டியில் மாதத் தொகை குறைவதும் இதனால்தான்.

ஆன்யூட்டியில் வரும் மாறாத தொகையை விலைவாசி தின்றுவிடும் என்று சிலர் சொல்வது சரி. ஆனால் அதற்காக ஆன்யூட்டியே வேண்டாம் என்பது சரியில்லை. சாப்பாடு, மருந்து, வாடகைக்கு ஆன்யூட்டி, மற்றதற்குச் சேமிப்பிலிருந்து எடுப்பது என்று பிரிப்பேன். 78 வயதான நோயாளி ஒருவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர் கையில் பணம் இருக்கட்டும்.