அந்த 436 ரூபாய் வரியை அடிக்கோடு போட்டு வையுங்கள்

முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர்ப் பக்கம் இருந்து வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் போகிற படங்களில் பாஸ்புக் பக்கம் நிறைய உண்டு. கூடவே ஒரு குரல் பதிவும் வரும்: "எய்யா, ரூவாய பிடிச்சிருக்காவ, என்னன்னு பாரு." பார்க்கிற பிள்ளையும் பெரும்பாலும் "ஏதோ சார்ஜ்மா" என்று முடித்துவிடுகிறது. அந்த "ஏதோ"வில்தான் எனக்குச் சண்டை. பக்கத்தில் பிடித்தம் எல்லாம் ஒரே மாதிரி அச்சாகியிருந்தாலும், ஒன்று வங்கி எடுத்துக்கொண்ட கட்டணமாக இருக்கும், இன்னொன்று, அந்த 436 ரூபாய் மாதிரி, குடும்பத்துக்கு இரண்டு லட்சம் தரக்கூடிய காப்பீடாக இருக்கும்.

முதலில் படம். மடிப்பு விழுந்த பக்கத்தில் 3, 6, 8 மூன்றும் ஒன்று போலத் தெரியும். பாஸ்புக்கைத் தட்டையாக விரித்து, பிளாஷ் இல்லாமல் வாசல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், டாக்குமெண்டாக அனுப்பினால் மங்காது. முந்தைய பக்கத்தின் கடைசி வரியும் வேண்டும். முதல் பக்கம் வேண்டாம். கணக்கு எண் அங்கேதான் இருக்கிறது.

படம் வந்ததும் விவரப் பகுதியை விட்டுவிட்டு வலது ஓரத்து இருப்பு நிரலைப் பாருங்கள். மேல் வரி இருப்பில் வரவைக் கூட்டினாலும் பற்றைக் கழித்தாலும் கீழ் வரி இருப்பு வர வேண்டும். வரவில்லை என்றால் நீங்கள் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது நடுவில் ஒரு வரி அச்சாகவில்லை. இதை முடிக்காமல் சுருக்கெழுத்துக்குள் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

பீடி சுற்றும் ஒரு அம்மாவின் கணக்கு என்று வைத்து ஒரு பக்கத்தை வாசிப்போம். மேலே B/F 3,214.40. முந்தைய பக்கத்திலிருந்து வந்த இருப்பு அது. மே 5-ல் BY TRF 1,860, அதாவது கூலி வரவு. BY என்று தொடங்கினால் பணம் உள்ளே வந்தது, TO என்று தொடங்கினால் வெளியே போனது. பழைய கணக்கு எழுத்து வழக்கு அது. மே 15-ல் மகளிர் உரிமைத் தொகை 1,000. மே 19-ல் ATM WDL 4,500, ஏடிஎம்மில் எடுத்தது. மே 26-ல் இரண்டு சின்னப் பிடித்தம்: 20, 436. அத்தோடு இருப்பு 1,118.40. ஜூன் 15-ல் இன்னொரு ஆயிரம். ஜூன் 30-ல் INT 17.00 வரவு, அதே நாளில் SMS CHRG 17.70 பற்று. கடைசி இருப்பு 2,117.70.

இந்த 17 ரூபாய் சரியா? சேமிப்புக் கணக்கு வட்டியை 2010 ஏப்ரல் 1-லிருந்து அன்றன்றைய இருப்புக்குத்தான் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய் மூன்று மாதம் கிடந்தால் ஆறேகால் ரூபாய் போல வரும். இந்தக் கணக்கில் ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாள் இருப்பையும் கூட்டிச் சராசரி பார்த்தால் சுமார் 2,765 ரூபாய். 2,765-ஐ 91-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்து, அதில் 2.5 சதவீதம் எடுத்தால் 17.23. ரூபாய்க்கு முழுமையாக்கி 17 போட்டிருக்கிறார்கள். வட்டி சரிதான். ஆனால் மூன்று மாத வட்டியைக் குறுஞ்செய்தி அனுப்பிய கட்டணம் விழுங்கி, மேற்கொண்டு 70 காசும் எடுத்திருக்கிறது. குறுஞ்செய்திக் கட்டணம் உண்மையான பயன்பாட்டை ஒட்டியே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொன்னது. காலாண்டுக்குப் பத்துச் செய்திகூட வராத கணக்கில் முழுத்தொகை பிடித்திருந்தால், எத்தனை செய்திக்கு இது என்று கிளையில் கேட்பது நியாயமான கேள்வி.

கட்டணமா, காப்பீடா என்று பிரிக்க எளிய வழி உண்டு. பிடித்தத் தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். வங்கிக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறுவதால், கட்டணமாக இருந்தால் பெரும்பாலும் முழு எண் வந்து நிற்கும். 17.70 என்றால் 15. 295 என்றால் 250. தவணைப் பிடித்தம் இருப்பு இல்லாமல் திரும்பினால் இந்த மாதிரித் தொகை விழும். 27.14 என்றால் 23. மாத இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மைத் தட்டியதற்கான உச்சக் கட்டணம் அது. நம் பக்கம் மாநகர வகைக்குள் வராததால் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம். சும்மா இருப்பு பார்ப்பதும் அந்த ஐந்தில் ஒன்று.

436-ஐ வகுத்தால் 369.49 வரும், 20-ஐ வகுத்தால் 16.95 வரும். அப்போதே தெரிய வேண்டும், இவை கட்டணம் இல்லை. 436 என்பது PMJJBY, மத்திய அரசுத் திட்டத்தின் ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் நியமனதாரருக்கு 2 லட்சம். 20 என்பது PMSBY, விபத்துக் காப்பீடு; விபத்தில் இறந்தால் 2 லட்சம். 2022 ஜூன் 1-லிருந்து இவைதான் ஆண்டுச் சந்தா. காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால் மே கடைசி வாரத்தில் தானாகப் பிடிப்பார்கள். விவர நிரல் குறுகலாக இருப்பதால் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வெறும் எழுத்தும் எண்ணுமாகத்தான் அச்சாகும். பாஸ்புக்கில் எந்தக் கட்டணம், என்ன வரவு என்று விளங்குகிற மாதிரி விவரம் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூனில் அறிவுறுத்தியும் நிலைமை இதுதான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஏனென்றால் இந்த வரி புரியாமல் மூன்று தப்பு நடக்கிறது. "வேண்டாத பிடித்தம்" என்று எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். 50 வயது தாண்டியபின் நிறுத்தினால் ஆயுள் காப்பீட்டில் மறுபடி சேர முடியாது, நிறுத்தாமல் இருந்தால் 55 வரை ஓடும். அடுத்தது, மே மாதச் சம்பளத்தை முழுக்க எடுத்துவிட்டு 400 ரூபாய் மட்டும் வைக்கிறார்கள். 20 போகும், 436 போகாது, காப்பு நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. மூன்றாவது, பீடிக் கூலிக்கு ஒரு வங்கி, நூறு நாள் வேலைக்கு இன்னொரு வங்கி என்று இரண்டு பாஸ்புக் இருந்தால் இரண்டிலும் 436 போகிறது. இரண்டு இடத்தில் கட்டினாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான். அங்கே ஒன்றை நிறுத்தலாம், நிறுத்த வேண்டும்.

அதனால் ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கைப் பதியச் சொல்லி, மே 25 முதல் 31 வரைக்கான வரிகள் தெரிகிற படம் ஒன்றை எல்லாக் கணக்கிலிருந்தும் வாங்குங்கள். 436 இருக்கிறதா, ஒரு தடவைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஜூனிலேயே கிளைக்குப் போய் மறுபடி சேர்க்கச் சொல்லலாம். இருந்தால் பென்சிலால் அடிக்கோடு போட்டு, நியமனதாரர் பெயர் என்ன என்று கிளையில் கேட்டு அந்தப் பக்கத்து ஓரத்திலேயே குறித்து, அந்தப் பெயர்க்காரரிடமும் படத்தைக் கொடுத்து வையுங்கள். புரியாத கட்டணம் இருந்தால் தேதியும் தொகையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் புகார் போடலாம். முத்திரை விழுந்த நகல் அங்கே தேவைப்படும்.