சதுப்புநிலத் திட்டம் நஷ்டமா? பாதிக் கணக்கு பரவுகிறது

"சதுப்புநில மீட்புக்குச் செலவு 100 கோடி, பலன் வெறும் 34 கோடி. நஷ்டம் என்று கணக்கே சொல்லிவிட்டது!" என்று ஒரு செய்தி பரவுகிறது.

34 தப்பில்லை. ஆனால் 50 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 1,000 கோடிப் பலனை, 7% தள்ளுபடி விகிதத்தில், அதாவது காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒருமுறை 1.07-ஆல் வகுத்து, இன்றைய மதிப்புக்கு மாற்றியதால் வந்த எண் அது. 3% வைத்தால் அதே பலன் 228 கோடி, திட்டம் லாபம். எக்செல்லில் `=1000/1.07^50` போடுங்கள், அப்புறம் 1.07-ஐ 1.03 ஆக்கிப் பாருங்கள். அரசு விதிகளின் செலவையும் பலனையும் கணக்கிட வழிகாட்டிய, அமெரிக்க அரசின் 2003 ஏ-4 சுற்றறிக்கையே இரண்டு விகிதத்திலும் கணக்கிடச் சொன்னது.

சரி, அந்த 1,000 கோடியில் என்ன இருக்கிறது? கீழ்ப்பகுதி வீடுகளுக்குக் குறையும் வெள்ளச் சேதம், திட்டக்காரர் கைக்கு வராத வரவு. இத்தகைய புறவிளைவுகளை விட்டுவிட்டால் எந்த விகிதமும் சரியான விடை தராது. விகிதத்தைச் சொல்லாத இந்தச் செய்தியைத் தயவுசெய்து பகிராதீர்கள்.