விபத்துப் படங்களைக் காட்டாமலே ஹெல்மெட் பற்றிப் பேசலாம்

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்துவிட்டால் கல்லூரிகளில் அதே நிகழ்ச்சிதான். விளக்கை அணைத்துவிட்டு ரத்தம் தெறித்த விபத்துப் படங்களைத் திரையில் ஓட்டுவார்கள். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாலையில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புவார்கள். பயந்துபோன மனசு அந்தப் படத்தை மறக்கத்தான் பார்க்கும், இல்லையென்றால் "நமக்கெல்லாம் அப்படி ஆகாது" என்று தேற்றிக்கொள்ளும். அதனால் இந்த முறையில் எனக்கு உடன்பாடில்லை.

நான் பேசப் போனால் முதலில் ஏன் போடுவதில்லை என்று கேட்பேன். "பக்கத்துலதான் சார், மெதுவாத்தான் போவோம்" என்பதுதான் அதிகம் வரும் பதில். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இந்த வேகம் குறையாது. வெறும் தலை தார்ச்சாலையில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அந்தத் தூரத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டராக்குகிறது. நிற்கும் தூரம் பத்து மடங்கானால் சராசரி விசை பத்தில் ஒன்றாகிவிடும். பிளஸ் டூ இயற்பியல்தான் இது. பொறியியல் மாணவர்கள் தாங்களே நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள். நசுங்கிய தெர்மாகோல் பழையபடி எழும்பாது, அதனால் பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும் என்பதும் அப்போது தானாகப் புரிந்துவிடும்.

அப்புறம் தையல்காரர் டேப்பை எடுப்பேன். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்தால் 56 சென்டிமீட்டர் வருகிற பெண், அண்ணனுடைய 60 அளவு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வருவாள். ஸ்ட்ராப்பை மாட்டச் சொல்லி, பின்பக்க விளிம்பைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினால் அது நெற்றி வழியாகக் கழன்று வந்துவிடும். விழும்போதும் அப்படித்தான் கழலும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாலும் அளவு தப்பினால் பயனில்லை. கன்னத்தைக் கவ்வ வேண்டும், ஆனால் நெற்றியில் வலிக்கக் கூடாது. ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி.

முடி நசுங்குது, வேர்க்குது என்பதும் நிஜமான தொந்தரவுதான், சிரித்து ஒதுக்கக் கூடாது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டலாம், கழற்றக்கூடிய உள்துணியாக இருந்தால் துவைத்துப் போடலாம். வகுப்பில் வைக்க இடமில்லை என்பதை மட்டும் மாணவரால் தீர்க்க முடியாது. அதற்குக் கல்லூரிதான் பார்க்கிங் பக்கம் ஒரு பூட்டுள்ள அலமாரி போட வேண்டும். அந்த அலமாரியில் உபரியாகச் சில ஹெல்மெட்டுகளும் வேண்டும். லிஃப்ட் கேட்டுப் பின்னால் ஏறும் நண்பனுக்கு ஹெல்மெட் யாரிடமும் இருப்பதில்லை. சட்டம் அவனுக்கும் சேர்த்துத்தான்.